மலையேறாமல் கொடுத்த ரத்தம்

மருந்தை நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடு, மனநலப் பிரிவின் பெஞ்சில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு எந்த மருந்தும் அவன் காதில் கேட்ட குரல்களை அடக்கவில்லை. குளோசபின் தொடங்கிய பிறகுதான் அண்ணன் அசோக்குமார் அரக்கோணத்தில் கடை வேலைக்கே போனான். அந்த மருந்து சிலருக்கு வெள்ளையணுக்களைக் குறைத்துவிடும் என்பதால் அடிக்கடி ரத்தம் பார்ப்பார்கள். இந்த முறை, கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து ஐநூறுக்குக் கீழே போனால் நிறுத்துவது இங்கே வழக்கம்.

"நிறுத்திட்டா மறுபடி தண்டவாளத்தாண்ட போயி நின்னுகினு இருப்பேன், உதயா," என்றான் அண்ணன், மழை வரும் என்று சாதாரணமாகச் சொல்வதுபோல.

டாக்டர் சுஜாதா காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் எல்லாம் கேட்டார். எதுவும் இல்லை. மற்ற அணுக்களும் சரியாக இருந்தன.

"எப்பவும் ஆயிரத்து எண்ணூறு வருமே. இந்தத் தடவை என்ன மாத்தினீங்க?"

சொல்ல வெட்கமாக இருந்தது. சாமி பார்க்காமல் ஊசியா என்று அம்மா அவனை மலைக்கோயிலுக்கு அனுப்பிவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க விடுவாள். இந்த முறை என் வகுப்புப் பரீட்சைக்காக நேரே லேபுக்கு அழைத்துப் போய்விட்டேன்.

"மலை ஏறலைங்க. அதனாலதான்னு சொல்லல..."

"எப்படி ஏறுவாரு?"

"ஓட்டமாத்தான்," என்றான் அண்ணன்.

டாக்டர் பேனாவை வைத்தார். "ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒட்டிகினு இருக்கிற அணுக்கள் ஓடினா ரத்தத்துல கலந்துடும். எண்ணிக்கை கொஞ்ச நேரம் கூடும். அப்போ இவரோட உண்மையான அளவே கம்மியா இருக்கலாம். சில குடும்பத்துல அப்படித்தான். எலும்பு மஜ்ஜை போதுமான அளவு செய்யும், ஓடுற ரத்தத்துல மட்டும் கம்மியா இருக்கும். கிருமி வந்தா தேவையான இடத்துக்குப் போயிடும். அது வியாதி இல்லை. நீயும் ரத்தம் குடு."

எனக்கு ஆயிரத்து நூறு. ஜலதோஷத்துக்குக்கூட நான் படுத்ததில்லை. அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதே. மருந்து மேல தப்பே இல்லைன்னு இது காட்டல," என்றார். ரத்தநோய் மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு வந்தார். "இவருக்கு இப்போதைக்கு எல்லை ஆயிரம். வாரம் ரெண்டு தடவை பார்க்கணும், ஓடாம, ஏறாம. அளவு இறங்கிகினே போனா நிறுத்தணும். காய்ச்சல் வந்தா உடனே ஓடி வரணும்."

அடுத்த செவ்வாய், மலையடிவார லேபின் வாசலில் காத்திருந்தோம். எதிரே படிக்கட்டில் காவடிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"ஒரு ஓட்டம் போயிட்டு வந்தா நம்பர் கூடும் இல்ல?" என்றான் அண்ணன்.

"கூடும்."

போய் வா என்று நாக்கு வரை வந்தது. அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிடும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான்.