யார் அந்த மிஸ்டர் நாச்சிமுத்து

எங்கள் பனியன் கம்பெனி ஸ்டோர்கீப்பர் நாச்சிமுத்து அண்ணனுக்கு முதலாளி பொன்னாடை போர்த்துகிறார் என்று செக்கிங் செக்‌ஷன் பெண்கள் ஓடி வந்து சொன்னபோது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நூல் கோன்களுக்கும் பட்டன் பெட்டிகளுக்கும் நடுவில் காலம் தள்ளுகிற மனிதர். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. எதற்குப் பொன்னாடை என்று கேட்ட பிறகுதான் எனக்கு ரத்தம் கொதித்தது.

ஹாம்பர்க்கில் எங்களிடம் உடுப்பு வாங்குகிற கம்பெனியிடமிருந்து முதலாளிக்கு நேராக ஒரு கடிதம் வந்திருக்கிறது. குழந்தைகள் உடுப்புக்கென்று புதிதாகப் பெரிய ஆர்டர் தருகிறார்களாம். ஒரே ஒரு நிபந்தனை, அந்த வேலையை மிஸ்டர் நாச்சிமுத்துதான் தலைமை தாங்கிச் செய்ய வேண்டும், ஒரு தடவை அவர் ஜெர்மனிக்கு வந்து போக வேண்டும். மூன்று வருஷமாக அவர்களுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் மெயில் போட்டவள் நான். குழந்தைகள் உடுப்புக்குத் தனி செக்‌ஷன் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. நெல்லுக்குப் பாய்ச்சிய தண்ணி புல்லுக்குப் போனால்கூடப் பொறுக்கலாம். இது ஸ்டோர் ரூமுக்குப் போயிருந்தது.

நேராக முதலாளி அறைக்குப் போனேன். சாமியப்பன் நல்ல மனுஷர்தான், ஆனால் மெயில் படிக்கிற பழக்கம் இல்லாதவர்.

"ஏனுங்க, அந்த மிஸ்டர் நாச்சிமுத்து நாந்தானுங்க."

"என்ன அம்மணி சொல்ற? உம்பேரு கோகிலவாணியல்லோ?"

என் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துக் காட்டினேன். வரிசையாக எல்லா மெயிலும் 'டியர் மிஸ்டர் நாச்சிமுத்து' என்றே தொடங்கியது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் கறுத்தது.

"அவனுக்கு வர்ற மெயிலயெல்லாம் நீயா படிச்சிட்டிருக்கற?"

"ஐயோ, அது எங்கப்பா பேருங்க."

"உங்கப்பன் எப்ப நம்ம கம்பெனில சேந்தாரு?"

இதற்கு மேல் பொறுமை காக்க நான் ஒன்றும் பூமாதேவி இல்லை. உட்காராமலே விளக்கினேன். மெயில் அக்கவுண்ட் போட்டுத் தந்த பையன் 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் நிரப்பச் சொன்னான். கடைசிக் கட்டத்தில் இனிஷியலை விரித்து அப்பா பேரைப் போட்டேன். கையெழுத்தும் அப்படியே 'கோகிலவாணி நாச்சிமுத்து' என்று போய்க்கொண்டிருந்தது. அவர்கள் ஊரில் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர். கடிதத்தில் மரியாதையாக அழைப்பதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். நான் ஆணா பெண்ணா என்று அவர்களுக்குத் தெரியாது. ஆக, ஜெர்மனிக்காரர்கள் என் அப்பாவை மிஸ்டர் ஆக்கிவிட்டார்கள். ஆர்டர் வந்தால் போதும், எந்தப் பேரில் கூப்பிட்டால் என்ன என்று நானும் விட்டிருந்தேன்.

சாமியப்பன் தாடையைத் தடவினார். "செரி, நீதான். ஆனா அவங்க ஆம்பளன்னு நெனச்சில்ல ஆர்டரு குடுக்கறாங்க? இப்பப் போயி பொம்பளப்புள்ளன்னா மனசு மாறிட்டா? நாளைக்கு வீடியோல பேசறாங்களாம். நாச்சிமுத்துவ உக்கார வெச்சிரலாம். நீ பக்கத்துல இருந்து எடுத்துக் குடு."

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

மறுநாள் நாச்சிமுத்து அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், விபூதி பூசி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து உட்கார்ந்தார். "அம்மணி, எனக்கு எஸ்ஸும் நோவும்தான் வரும். எதுக்கு எஸ்ஸு, எதுக்கு நோன்னு காலால ஒரு தட்டுத் தட்டிரு."

"தட்டறேங்க" என்றேன். தட்டுவதாக உத்தேசமே இல்லை.

திரையில் நரைத்த முடியும் சிரித்த முகமுமாக ஓர் அம்மாள். உல்ரிகே பெக்கர். முதலாளி முந்திக்கொண்டு, "குட் மார்னிங், மிஸஸ் உல்ரிகே" என்றார். அந்த அம்மாளின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு, போன மழைக்காலத்தில் குழந்தைச் சட்டையின் கழுத்துப்பட்டை துவைத்ததும் அகன்றுபோன விஷயத்தை எடுத்தார். மிஸ்டர் நாச்சிமுத்து அதை எப்படிச் சரி செய்தார், தன் ஆட்களுக்கு அவர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். முதலாளி தொண்டையைச் செருமினார். அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"மேடம், ஐ நாச்சிமுத்து. எஸ். பட் ஸ்டோர். திஸ் கேர்ள் ஃபாதர் ஆல்சோ நாச்சிமுத்து. வொர்க் ஆல், திஸ் கேர்ள்." பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "என்ற மனசாட்சி ஒத்துக்கலீங்க. அவ செஞ்ச வேலைக்கு நான் எப்படிங்க தலையாட்டறது?" என்றார்.

அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பட்டைத் துணியை ரோலிலிருந்து பிரித்து ஒரு நாள் முழுக்கத் தளர்வாக ஆறப்போட்ட பிறகே வெட்டுகிறோம், இழுபட்ட பின்னல் அதற்குள் தன் அளவுக்குத் திரும்பிவிடும் என்று சொன்னேன். எந்த மாதம், எந்த நிறம், எத்தனை தடவை துவைத்துப் பார்த்தோம் என்று வாய் நிற்காமல் வந்தது. பெக்கர் அம்மாள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. இத்தனை வருஷமும் பெரிய மீசை வைத்த குண்டு மனிதர் ஒருவரைக் கற்பனை செய்து வைத்திருந்தாராம். நாச்சிமுத்து அண்ணன் தன் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்படியானால் உங்களை எப்படி அழைப்பது என்று கேட்டார். சொன்னேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பேரின் முதல் எழுத்து முன்னால், எங்கள் பேர் பின்னால். எழுத்தை மட்டும் வைத்து மிஸ் என். என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். மிஸ் நாச்சிமுத்து என்றால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். இனிமேல் 'என். கோகிலவாணி' என்று கையெழுத்துப் போடுகிறேன், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மிஸ்' என்றும் போடுகிறேன். நீங்கள் உங்கள் வழக்கப்படி கடைசியில் இருப்பதை எடுத்துக்கொண்டாலே சரியாக வந்துவிடும். ஆனால் விசாவுக்கான அழைப்பில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி என் பேரும் அப்பா பேரும் முழுசாக வேண்டும்.

"விசாவா?" என்று முதலாளி என் காதில் கிசுகிசுத்தார். "நீயே போறதா முடிவு பண்ணிட்டயா?"

"மிஸ்டர் நாச்சிமுத்துவத்தானுங்க கூப்பிட்டாங்க."

பெக்கர் அம்மாள் முதலாளியையும் விடவில்லை. உங்கள் ஊர்ப் பழக்கத்தில் என் சொந்தப் பேரைச் சொல்லி அழைத்தீர்கள், தவறில்லை, எங்கள் ஊரில் அது நெருங்கிய சிநேகிதர்களுக்கு, இனி சிநேகிதர்களாகவே இருப்போம் என்றார். சாமியப்பனுக்குப் பாதி புரிந்தது. முழுசாகத் தலையாட்டினார்.

பெக்கர் அம்மாளின் மெயில் வந்தபோது கேன்டீனில் இருந்தேன். 'டியர் மிஸ் கோகிலவாணி.' அந்த மூன்று வார்த்தையைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை. அழுதேன், வெட்கமே படாமல். பிறகுதான் புதுச் செக்‌ஷனுக்குப் பொறுப்பு நான்தான் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மளிகைக் கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டுச் சோற்றை அளைந்தார்.

"அப்ப இனிமே எம்பேரு ஜெர்மனிக்குப் போகாதா?"

"ஒரு எழுத்துப் போகுங்கப்பா. முன்னால."

"போதும்," என்று அப்பா ரசத்துக்குத் தட்டை நீட்டினார். "மிச்சப் பேர நீ கொண்டு போ."