அறுபத்து நாலு சதவீதம்

விருதுநகர் மாவட்டத்தில் இன்சூரன்ஸ் ஆட்களின் பயோடேட்டாவைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், அவர் ராஜபாண்டியன். இதை ராஜபாண்டியனே சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் தாளில் இருப்பதைப் படிக்கிறார்கள், தாம் ஆளையே படிப்பதாகவும், பயோடேட்டாவைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் அந்த ஆள் தேறுமா தேறாதா என்பது தமக்குத் தெரிந்துவிடுவதாகவும், இந்தத் திறமையை வருங்காலத்துக்காக யாராவது பதிவு செய்துவைக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். யாரும் முன்வராததால் அலுவலகத்தில் வாரத்துக்கு ஒருமுறை தாமே எடுத்துச் சொல்லிவந்தார்.

அவர் ஓர் இன்சூரன்ஸ் புரோக்கர் கம்பெனியின் விருதுநகர் கிளை மேலாளர். பட்டாசு ஆலை, அச்சகம், பருப்பு மில் என்று வாடிக்கையாளர் பக்கம் நின்று, நாலைந்து கம்பெனிகளில் ரேட் கேட்டு பாலிசி எடுத்துக் கொடுப்பதும், நஷ்டம் வந்தால் கிளைமுக்கு அலைவதும் அந்த அலுவலகத்தின் வேலை. சிவகாசி வட்டாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்குத் திங்கட்கிழமைக்குள் ஒரு பெயரை அனுப்பும்படி மதுரை மண்டல அலுவலகம் கேட்டிருந்தது. வந்த விண்ணப்பங்களில் கடைசியாக இரண்டு மிஞ்சின.

முதலாவது ஹரிபிரசாத்துடையது. வழவழப்பான தாள், கலர் அச்சு. லைசென்ஸ் உண்டு. புதுப்பித்தல் விகிதம் தொண்ணூற்றெட்டு சதவீதம். கையாண்ட போர்ட்ஃபோலியோ, அதாவது அவர் பார்த்துக்கொண்ட வாடிக்கையாளர்களின் வருடாந்தர பிரீமியம், ஆறு கோடி.

இரண்டாவது கற்பகவல்லியுடையது. புரோக்கர் தேர்வில் தேர்ச்சி. புதுப்பித்தல் அறுபத்து நாலு சதவீதம். போர்ட்ஃபோலியோ ஒரு கோடியே பத்து லட்சம்.

“அறுபத்து நாலு!” என்று ராஜபாண்டியன் தாளை மேசையில் போட்டார். “நூறு பார்ட்டியப் பிடிச்சா முப்பத்தாறு பேரு ஓடிப்போறான். இதை மறைக்கக்கூடத் தெரியாத பொண்ணு பாலிசி எப்படி விக்கும்?”

எதிர் மேசையில் இருந்த சினேகா அந்த அலுவலகத்தின் ஆவணங்களைச் சரிபார்ப்பவள். அவள் ஹரிபிரசாத்தின் சான்றிதழ் நகலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், இவரோட லைசென்ஸ் பி.ஓ.எஸ்.பி. சான்றிதழ் சார். பதினஞ்சு மணி நேரப் பயிற்சி. பைக், கார், தனிநபர் விபத்துன்னு ரெடிமேடு பாலிசிதான் விக்கலாம். பட்டாசு ஆலைக்குத் தீ பாலிசி எல்லாம் இதுல வராது.”

“அதுக்கு?”

“ஆறு கோடில அஞ்சு கோடி பட்டாசு ஆலைன்னு போட்டிருக்காரு.”

ராஜபாண்டியன் சிறிது நேரம் மின்விசிறியைப் பார்த்தார். “டீமா செஞ்சிருப்பான்” என்றார்.

“ரெண்டு பேரைப் பத்தியும் பார்ட்டிககிட்ட போன் போட்டு விசாரிச்சிரவா சார்?”

அவர் சிரித்தார். அலுவலகம் முழுக்கக் கேட்கும் சிரிப்பு. “ஏம்மா, நாம என்ன சம்பந்தமா பேசப்போறோம்? மாப்பிள்ளை வீட்டுக்காரன்தான் நைசா தெருவுக்குள்ள போயி, பொண்ணு எப்படி, கோவக்காரியா, சமைக்குமான்னு விசாரிப்பான். அதெல்லாம் ஆளப் பாத்து எடை போடத் தெரியாதவன் பொழப்பு. நாளைக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லு.”

ஹரிபிரசாத் முதலில் வந்தார். வந்ததுமே ராஜபாண்டியனின் பேரைச் சிவகாசி முழுக்கக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். ராஜபாண்டியனுக்கு இது புதுத் தகவல் இல்லை.

“தொண்ணூத்தெட்டு சதவீதம்னு போட்டிருக்கீங்களே, அது பாலிசி எண்ணிக்கையிலயா, பிரீமியம் தொகையிலயா?” என்று சினேகா கேட்டாள்.

“ரெண்டுலயும்தான் மேடம்.”

“தீ பாலிசிக்கு ரேட் ஏறின வருசத்துல பத்துப் பார்ட்டி போனாக்கூட மிச்சப் பேரு கட்டுற தொகை கூடிரும். தொகைக் கணக்கு நூறக்கூடத் தாண்டும். அதனாலதான் கேட்டேன்.”

“பாத்து அனுப்புறேன் மேடம்.”

“போன வருசம் புதுப்பிக்காம விட்ட பார்ட்டி யாராச்சும் ஒருத்தர் பேரு?”

“அது கான்ஃபிடென்ஷியல்.”

“நீங்க இங்க வந்தா எம்புட்டு பிரீமியம் கொண்டுவருவீக?” என்று ராஜபாண்டியன் பேச்சைத் தம் பக்கம் இழுத்தார்.

“ஆறு கோடியும் சார்.”

ராஜபாண்டியன் சினேகாவைப் பார்த்தார். கேட்டுக்கொள் என்பது அதன் பொருள்.

கற்பகவல்லி சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு ஆகியிருந்தது. உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

“உங்க கம்பெனிய விட்டு ஏன் வாறீக?” என்று ராஜபாண்டியன் கேட்டார்.

“சிவகாசி ஆபீசை மாசக் கடைசியில மூடுதாக சார். எல்லாரையும் சென்னைக்கு வரச் சொல்லிட்டாக. எங்க வீட்டுக்காரரு இங்கன ஆப்செட் பிரஸ்ல மெஷின்மேன். பிள்ளைக ரெண்டும் பள்ளிக்கூடம் போகுது. சென்னைக்குப் போனா நான் மட்டுந்தான் போகணும். போகலன்னா வேலை இல்ல. இது கிடைச்சா இங்கனயே இருப்பேன்.”

“அறுபத்து நாலு சதவீதத்தை வச்சுக்கிட்டா?” என்றார் ராஜபாண்டியன், வருத்தம் கலந்த கனிவோடு.

“எங்கிட்ட மொத்தம் இருநூத்தி அம்பது பாலிசி சார். அதுல எழுபத்தஞ்சு, தீபாவளிக்குத் தற்காலிகப் பட்டாசுக் கடை போடுறவுக எடுத்தது. ஒரு மாசத்துக்குத்தான் லைசென்ஸ், ஒரு மாசத்துக்குத்தான் பாலிசி. அவுக எப்படிப் புதுப்பிப்பாக? கடையே இருக்காதே. அதைக் கழிச்சா நூத்தி எழுபத்தஞ்சு. அதுல நூத்தி அறுபது புதுப்பிச்சிருக்கு.”

சினேகா தட்டிப் பார்த்தாள். “தொண்ணூத்தொண்ணு சார்.”

“அப்ப அந்த எழுபத்தஞ்சக் கழிச்சுட்டே எழுதியிருக்கலாமே?” என்றார் ராஜபாண்டியன். தமக்கு உண்மையாகவே புரியவில்லை என்பதால் குரல் சற்று உயர்ந்தது.

“பாலிசி போட்டது நான்தான? போட்டதை எல்லாம் கணக்குல காட்டணும்ல. பிரிச்சுக் கேட்டா பிரிச்சுச் சொல்லுவேன். நீங்க கேக்கல, பாத்ததும் சிரிச்சிருப்பீக.”

சினேகா குனிந்து பேனாவைத் தேடினாள். பேனா கையில்தான் இருந்தது.

“சரி, வந்தா எம்புட்டுக் கொண்டுவருவீக? ஒரு கோடியும் வருமா?”

“அது எப்படி சார் வரும்? பார்ட்டி எல்லாம் பழைய கம்பெனி பார்ட்டி. புரோக்கரை மாத்துறதா இருந்தா அவுகதான் லெட்டர் கொடுக்கணும். நாலஞ்சு பேரு கொடுக்கலாம். கொடுக்காமலும் இருக்கலாம். நான் பைல போட்டுத் தூக்கிட்டு வர அது என்ன காய்கறியா?”

“விட்டுப்போன பதினஞ்சு பேருல ஒருத்தர் பேரு சொல்லுவீகளா? இல்ல அது கான்ஃபிடென்ஷியலா?” என்று ராஜபாண்டியன் கேட்டார்.

“நாரணாபுரத்துல காளீஸ்வரன் அண்ணாச்சி. போன வருசம் போயிட்டாரு. எம்மேல கோவம்தான் அவருக்கு. ஏன்னு அவருகிட்டயே கேட்டுக்கோங்க.”

கற்பகவல்லி போனபிறகு ராஜபாண்டியன் வெகுநேரம் சிரித்தார். “பாத்தியா? கோவிச்சுக்கிட்டுப் போன பார்ட்டிகிட்டயே போயி விசாரிக்கணுமாம். கல்யாணத்துக்குக்கூட யாரும் இப்படி விலாசம் கொடுக்க மாட்டாக.”

“கேட்டுத்தான் பாருங்களேன் சார். ஹரிபிரசாத் யாரு பேரும் சொல்லலையே.”

“எனக்குத் தேவையில்லம்மா. நான் முடிவு பண்ணிட்டேன்.” என்ன முடிவு என்று சொல்லவில்லை. மாலை வரை இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார். சினேகா ஹரிபிரசாத்தின் பழைய கிளை இணையதளத்தில் போட்டிருந்த தகவலைத் தேடியெடுத்து அவர் மேசையில் வைத்தாள். அந்தக் கிளையின் மொத்த வருடாந்தர பிரீமியமே ஆறு கோடி. வேலை பார்ப்பவர்கள் பதினொரு பேர்.

சனிக்கிழமை காரியாபட்டியில் ஒரு விசேஷத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ராஜபாண்டியன் பைக்கை எதிர்த்திசையில் சிவகாசிப் பக்கம் விட்டார்.

நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை வாசலில் காவலாளி அவரை நிறுத்தி, போன், பைக் சாவி இரண்டையும் வாங்கிப் பெட்டியில் போட்டார். சட்டைப்பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். அதன்பின் வாசலையொட்டிய அறைக்குள் அனுப்பினார். காளீஸ்வரன் ஆர்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க, உக்காருங்க. சாப்பிட்டீகளா? என்ன விசயம்?”

ராஜபாண்டியன் இந்தப் பக்கமாக வந்ததாகவும், ஆலை நன்றாக இருப்பதாகவும், சீசன் எப்படி இருக்கும் என்றும் பேசினார். மழை பற்றிப் பேசினார். ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிற்பதைப் பற்றியும் பேசினார். கடைசியில் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணாச்சி, கற்பகவல்லின்னு இன்சூரன்சுல ஒரு பொண்ணு... எப்படி?”

காளீஸ்வரன் நிமிர்ந்தார். “அந்தப் புள்ள பேச்சையே எடுக்காதீக! சரக்கு ரெண்டு கோடிக்கு இருக்கு, பாலிசிய ஒரு கோடிக்குப் போடும்மா, பிரீமியம் குறையும்னேன். மாட்டேன்னுட்டா.”

“ஏனாம்?”

“பாதி மதிப்புக்குப் பாலிசி போட்டா, தீ பிடிச்சா நஷ்டத்துலயும் பாதிதான் தருவான், பத்து லட்சம் எரிஞ்சா அஞ்சு லட்சந்தான் கைக்கு வரும்னு பேப்பர்ல எழுதிக் காட்டுறா. என் ஆலைக்குள்ள வந்து, எம் மூஞ்சிக்கு நேரா, எரிஞ்சா எரிஞ்சான்னு பேசுறா! வெள்ளிக்கிழமை வேற. போம்மான்னுட்டேன். இன்னொருத்தரு வந்தாரு, சொன்ன மதிப்புக்குப் போட்டுக் கொடுத்துட்டாரு.”

“அவ சொன்னது சரிதான அண்ணாச்சி?”

“சரின்னு யாரு இல்லன்னா? நான் போடச் சொன்னதைப் போடலைல?”

“வேற எதுலயாவது ஏமாத்து, கீமாத்து...”

“ஏமாத்தா? போன பிறகும் ரெண்டு தடவ போன் போட்டு, மதிப்பைக் கூட்டுங்க அண்ணாச்சி, எங்கிட்ட போடலைன்னாலும் பரவால்ல, யாருகிட்டயாவது கூட்டிப் போடுங்கங்குறா. அவளுக்கு என்ன வந்தது?”

ராஜபாண்டியன் தலையை ஆட்டினார். அறைக்கு வெளியே லோடு ஏற்றும் ஆட்கள் பெட்டிகளை ஒவ்வொன்றாக, குழந்தையைக் கொடுப்பதுபோலக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு கோடிக்கே போட்டுருங்க அண்ணாச்சி” என்றார்.

“நீங்களுமா? பாப்போம், சீசன் முடியட்டும்.”

வாசலில் போனையும் சாவியையும் வாங்கிக்கொண்டு, பைக்கை ரோட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். மதுரைக்கு ஒரு வரி தட்டினார்: சிவகாசிக்குக் கற்பகவல்லி. தேர்வுக்கான காரணம் என்ற இடத்தில், “பயோடேட்டாவைப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது” என்று எழுதினார். அனுப்பினார்.

காளீஸ்வரன் காருக்குப் போவதற்காக வாசலுக்கு வந்திருந்தார். ராஜபாண்டியன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கே திரும்பி நடந்துபோய், அவர் காதருகே குனிந்து கேட்டார்:

“அண்ணாச்சி, அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரு எப்படி? நல்ல மாதிரிதான?”