மூன்று மணிக்கு அணையும் பெட்டி

சோபா உறை ஊறிக்கொண்டிருந்த டப்பில் கையை விட்டவளுக்கு, கையில் ஏதோ கல் மாதிரி தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தாள். மாமனார் வீடியோ கேம் ஆடுகிற கண்ட்ரோலர். இரண்டு பொத்தான்களுக்கு நடுவிலிருந்து சோப்பு நுரை கொப்பளித்து வந்தது.

மருமகள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாளைக்கு நூறு பேர் கையில் ஊசி குத்துகிறவள், அதற்கெல்லாம் கை நடுங்காதவள், அந்தக் கறுப்புச் சாமானை வைத்துக்கொண்டு குளியலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வேறொரு நாளாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. 'மாமா, தண்ணியில விழுந்துடுச்சு' என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால், மூன்று நாள் சேர்ந்தாற்போல் வேலை பார்த்துவிட்டுத் தலைவலியோடு வந்தவள், வீட்டுக்குள் டிவி விளையாட்டில் பஸ் உறுமுகிற சத்தத்தைக் கேட்டதும் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டாள். "நாள் பூரா இந்த இரைச்சல்தானா? இந்த சனியன ஒருநாள் தூக்கித் தண்ணியில போட்டாத்தான் வீட்ல நிம்மதி." மாமனார் விளையாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவே 'சாப்பாடு வெச்சிருக்கேன்', 'சரிம்மா' இந்த இரண்டுதான் பேச்சு.

சொன்னபடியே இப்போது தண்ணியில் போட்டாயிற்று. வேண்டுமென்று செய்யவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? கட்டின புருஷனே நம்ப மாட்டான். அவள் கண்ணில் படக் கூடாதென்று கிழவர் அதை சோபா மெத்தை உறைக்குள் செருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவள் உறையை உருவி, உதறாமல் கொள்ளாமல் சோப்புத் தண்ணீரில் அமுக்கியிருக்கிறாள். தவறு யாருடையது என்று பஞ்சாயத்து வைத்தால் பாதி அவர் பக்கமும் விழும். ஆனால் அவள் வாய் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்காவிட்டால், அவர் எதற்காக ஒளித்து வைக்கப் போகிறார்?

கூடத்துக்கு ஓடி வந்தாள். டிவி திரையில் மங்கலாக ஒரு பஸ் நின்றிருந்தது. அதன் மேல் ஒரு வரி: கண்ட்ரோலரை மறுபடி இணைக்கவும்.

மாமனார் நாற்பது வருஷம் பஸ் ஓட்டினவர். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது, கண் சரியில்லை என்று ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, டிக்கெட் எண்ணும் மேஜையில் உட்காரவைத்துவிட்டார்கள். கடைசி டிரிப் என்று ஒன்று அவருக்கு அமையவே இல்லை. மகன் வாங்கிவைத்திருந்த இந்தப் பெட்டியில் பஸ் ஓட்டும் விளையாட்டைப் பிடித்துக்கொண்டு, அதில் இருக்கிற அறுபது ரூட்டையும் ஒவ்வொன்றாக முடித்துவந்தார். இன்று காலை அறுபதாவது. மலையேறி இறங்கும் ரூட். டிப்போ போய்ச் சேர்ந்தால்தான் விளையாட்டு அதைக் கணக்கில் வைக்கும், நடுவில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்து. இன்னும் நாலு ஸ்டாப்தான் பாக்கி என்கிறபோது, கண் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் வரச் சொல்லி போன் வந்துவிட்டது. அப்படியே நிறுத்திவைத்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது மகனிடம் அவர் சொன்னது இவள் காதிலும் விழுந்தது: ஆறு மணி நேரம் தொடாமல் விட்டால் பெட்டி தானாக அணைந்துவிடும், ஒன்பதுக்கு வைத்தது, மூன்றுக்குள் திரும்பிவிட வேண்டும்.

இப்போது மணி ஒன்றே முக்கால்.

வீட்டில் இன்னொரு கண்ட்ரோலர் உண்டு. மேஜை டிராயரில் தேடி எடுத்து மூடியைத் திறந்தால், உள்ளே பழைய பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்து, கம்பியையே தின்றுவிட்டிருந்தது. புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்றால், அதற்கான மெனு திரைக்குள் இருக்கிறது. மெனுவுக்குப் போகக் கண்ட்ரோலர் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதைதான்.

தெருமுனையில் போன் பழுது பார்க்கும் கடைக்கார அம்மா பழைய விளையாட்டுச் சாமான்களும் விற்பாள். இவள் போய் மூச்சிரைக்க நின்றதும், கடைக்காரம்மா கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு கண்ட்ரோலரை எடுத்தாள். வேறு யாரோ விற்றுவிட்டுப் போனது, அதனால் அது இன்னும் பழைய வீட்டுப் பெட்டியைத்தான் தேடிக்கொண்டிருக்கும் என்றாள். மெனுவெல்லாம் தேவையே இல்லை. கேபிளைக் குத்தி நடுப் பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும். கம்பியில்லாமல் வேண்டுமென்றால், பெட்டியில் இருக்கும், இரண்டையும் இணைக்கிற சின்ன சிங்க் பொத்தானைத் தட்டிவிட்டு, இருபது எண்ணுவதற்குள் கண்ட்ரோலர் தலையில் இருக்கிற சிங்க் பொத்தானைப் பிடித்து அழுத்த வேண்டும்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. பக்கத்துலயே பவர் பட்டன் இருக்கும். அவசரத்துல அதைத் தொட்டீங்க, அப்புறம் என்கிட்ட வராதீங்க."

நல்ல ஆறுதல்!

வீட்டுக்கு வந்து சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். ஒன்றுதான் இருந்தது, கண்ட்ரோலர் கேட்பதோ இரண்டு. சமையலறைக் கடிகாரத்தையும் இறக்கினாள். இரண்டையும் போட்டு அழுத்தினால், விளக்கு ஒரு தடவை மினுக்கிவிட்டு அடங்கிவிட்டது. கடிகாரம் ஓட்டி ஓய்ந்த பேட்டரிக்கு இந்தச் சாமானைத் தூக்கத் தெம்பில்லை. வீட்டில் இரண்டு கடிகாரமும் நின்றதுதான் மிச்சம்.

சரி, கேபிள். கை விசிறியை சார்ஜ் பண்ணுகிற கேபிள் முனை சரியாகப் பொருந்தியது. பெட்டியில் குத்தி நடுப் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் அது நிலையாக எரியாமல் மின்னி மின்னிக் கொஞ்ச நேரத்தில் அணைந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி அதே. கேபிளைப் பிடுங்கி அடுத்த துளையில் குத்தியும் திரையில் அந்த வரி நகரவே இல்லை. போனில் மணி இரண்டு இருபது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும். கடைக்காரம்மாவுக்கு போன் போட்டு, உடைந்த சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று பொரிந்தாள்.

அந்த அம்மா நிதானமாகக் கேட்டாள். "என்ன கேபிள் குத்தியிருக்கீங்க?"

"விசிறி கேபிள்."

"அதுல கரண்ட் மட்டுந்தாங்க போகும், சேதி போகாது. போட்டோ ஏத்துற கேபிளா எடுத்துப் போடுங்க."

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணப் போட்டோக்களைப் பழைய போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றின கேபிள், பீரோவில் நகைப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. முழ நீளம்தான் இருக்கும். குத்தினாள், அழுத்தினாள். விளக்கு மின்னவில்லை, அசையாமல் வெள்ளையாக எரிந்தது. திரையில் யார் விளையாடுகிறார்கள் என்று கேட்டது. மாமனாரின் படத்தைத் தேர்ந்தெடுத்தாள். எச்சரிக்கை வரி மறைந்து, விளையாட்டின் நிறுத்த மெனு வந்தது. பெட்டியைத் தொட்டாயிற்று, இனி மூன்று மணி பயம் இல்லை.

இத்தோடு விட்டுவிடலாம்தான். ஆனால் முழக் கேபிளை வைத்துக்கொண்டு அவர் டிவிக்கு மூக்கை ஒட்டி உட்கார முடியுமா? சோபாவிலிருந்து ஓட்ட வேண்டும், ஒன்றுமே நடக்காத மாதிரி. அதுதான் அவள் கணக்கு. நல்ல பேட்டரிக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, மாமனாரின் பிபி பார்க்கும் மெஷின் நினைவுக்கு வந்தது. அதில் நாலு கிடந்தது. இரண்டை உருவிப் போட்டாள். கேபிளைக் கழற்றினாள். பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பவர் பொத்தானை இடது உள்ளங்கையால், தொடாமல், கூரை போட்ட மாதிரி மறைத்துக்கொண்டு, வலது சுட்டுவிரலால் சிங்க் பொத்தானை ஒரே தட்டு. நரம்பு தேடும்போது வருகிற நிதானம் அப்போதுதான் அவள் விரலுக்கு வந்தது. பெட்டியின் விளக்கு மின்னத் தொடங்கியது. உடனே கண்ட்ரோலர் தலையிலிருந்த சிங்க் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினாள். அதன் விளக்கும் படபடவென்று மின்னியது. ஏழு எண்ணும்போது இரண்டும் மின்னுவதை விட்டு நிலையாக நின்றன.

சோபா வரை பின்னால் நடந்து போய், மெனுவில் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். சொன்ன பேச்சைக் கேட்டது. அப்படி நகர்த்தும்போதுதான் அந்தப் பக்கம் திறந்தது. சத்தம். என்ஜின், ஹாரன், பயணிகள், மழை. நாலு கோடுகள். நாலும் பூஜ்யத்தில் இருந்தன.

இந்த இரண்டு வாரமாக வீடு அமைதியாக இருந்ததற்கு, அவர் விளையாடுவதைக் குறைத்துக்கொண்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மனுஷன் ஊமை பஸ் ஓட்டியிருக்கிறார். கண்ணும் சரியில்லாமல், காதும் இல்லாமல், மலை ரூட்டை. இனி ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பதாவது! நாலு கோட்டையும் ஒவ்வொன்றாக வலது ஓரம் வரை தள்ளினாள். பிறகு மெனுவை மூடினாள்.

என்ஜின் கூடம் அதிர உறுமியது. அதே நேரத்தில் கதவும் திறந்தது.

மாமனார் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோதனைக்கு மருந்து விட்டதால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சாயங்காலம் வரை எல்லாம் மசமசவென்றுதான் தெரியும் என்று மகன் சொன்னான். கிழவர் அதைக் காதில் வாங்கவில்லை. சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "யாரு வண்டியில இருக்கா?" என்றார்.

"நான்தான் மாமா." எழுந்து நின்றாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள், டப், உறை, நுரை, கடிகாரம், பிபி மெஷின் வரை. "வேணும்னு செய்யல மாமா. அன்னைக்குப் பேசினதுதான் வேணும்னு பேசினது. அதுக்கு என்னை மன்னிச்சிடுங்க."

அவர் தடவித் தடவி வந்து சோபாவில் உட்கார்ந்தார். கண்ட்ரோலரை வாங்கி விரலால் வருடிப் பார்த்தார். இது தன்னுடையதில்லை என்று கட்டைவிரலுக்குத் தெரிந்திருக்கும்.  பிறகு அதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு ரோடு தெரியல. நீ ஓட்டு. என்ஜின் சத்தத்த வெச்சு நான் கியர் சொல்றேன்."

"எனக்கு ஓட்டத் தெரியாதே மாமா."

"நாலு ஸ்டாப்தான். திணறுது பாரு, ரெண்டாவது போடு."

போட்டாள். திணறல் அடங்கியது. வளைவு எங்கே என்று அவள் சொன்னாள், எப்போது மிதிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். ஒரு இடத்தில் தடுப்புச் சுவரில் உரசிப் பயணிகள் கத்தினார்கள். பதறாதே, ஏசுறவன் ஏசட்டும், டிப்போவில் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்றார். மகன் நின்றபடியே இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் டிப்போவுக்குள் நுழைந்து நின்றது. அறுபதாவது ரூட் முடிந்தது, சேமிக்கப்பட்டது என்று திரையில் வந்ததை அவள் சத்தமாகப் படித்தாள். என்ஜினை உடனே அணைக்க வேண்டாம் என்றார் மாமனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்தினாலா என்று அவள் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் போல அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தலையை ஆட்டினார்.

"இப்ப நிறுத்தும்மா."

நிறுத்தினாள்.