ஆறு நிமிஷம் பிந்திய போன்

சத்யப்ரியா நான்காவது முறையாக ஆறு எண்களைத் தட்டினாள். கணினித் திரை கொஞ்சமும் இரக்கமில்லாமல் அதே பதிலைச் சொன்னது. குறியீடு தவறு, இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் தவறினால் கணக்கு இருபத்துநாலு மணி நேரம் பூட்டிக்கொள்ளும்.

உப்பள நிலத்தின் குத்தகையைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் மாலை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் நாற்பது குடும்பங்கள் பாத்தி கட்டுகிற நிலம் அடுத்த வருஷம் யார் கைக்குப் போகுமோ தெரியாது. உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராகி அவளுக்கு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இப்படியொரு சோதனை.

கடவுச்சொல்லை அரசு வலைத்தளம் ஏற்றுக்கொண்டது. அதற்கு மேல் கேட்கிற எண்தான் தகராறு. அதைக் காட்டும் செயலி சங்கத்தின் பழைய போனில் இருந்தது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் அந்தப் போனின் சிம் செத்து ஒரு வருஷமாகிறது. முப்பது விநாடிக்கு ஒரு புது எண் மட்டும் சமர்த்தாக வந்துகொண்டிருந்தது.

"அந்த வேல்முருகன் அண்ணன்தான் ஏதோ பண்ணிட்டுப் போயிருக்காரு" என்றாள் சத்யப்ரியா. வேல்முருகன் பழைய செயலாளர். தேர்தலில் அவளிடம் தோற்றவர். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அலுவலகச் சாவியைக் கொடுத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

பம்பு ஓட்டும் நடராசன் வாசற்படியில் நின்றார். கூலிச் சீட்டு வாங்க வந்த சாலம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் பெஞ்சில் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவள் தன் போனில் அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, தோத்த கோவத்த நாற்பது குடும்பத்து வயித்துலயா காட்டுவீங்க? போன்ல என்னத்த மாத்தி வச்சீங்க?"

"நான் ஒண்ணும் மாத்தலம்மா. இரு, எங்கிட்ட..."

"ஒண்ணும் சொல்லாதீங்க!"

"மணி நாலு முப்பத்தெட்டு ஆவுது. கத்துனது போதும், நான் சொல்றத..."

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். கோபத்தில் போனை மேஜையில் வைத்தபோதுதான் பார்த்தாள். அவள் போனில் 4:38. பக்கத்திலிருந்த சங்கத்துப் போனில் 4:32.

ஒரு கணம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். செயலி எண்ணை எங்கிருந்தும் வாங்கி வருவதில்லை. உள்ளே வைத்திருக்கும் ரகசியத்தோடு அந்த நேரத்து மணியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தருகிறது. வலைத்தளமும் தன் பக்கம் அதே கணக்கைப் போடுகிறது. அரை நிமிஷம் முன்பின் என்றால் பொறுத்துக்கொள்ளும். ஆறு நிமிஷத்துக்கு முந்தின எண்ணை எப்படி ஏற்கும்?

"இதுல மணி வச்சது யாரு?"

நடராசன் தலையைச் சொறிந்தார். "மழைக்காலம் பூரா ஆபீசு பூட்டிக் கெடந்துது இல்லம்மா. சார்ஜே இல்ல. தை மாசம் தொறந்து போட்டா என்னமோ பழைய வருஷத்தக் காட்டுச்சு. பம்பு போடறதுக்கு அலாரம் வேணுமே. ஆறேகால் பாண்டி பஸ் போச்சு, அதப் பாத்து ஆறேகால்னு வச்சேன்."

உப்பளத்தில் எல்லோரும் அந்த பஸ்ஸைப் பார்த்துத்தான் மணி சொல்வார்கள். அது ஆறேகாலுக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை, எப்போதும் பிந்தித்தான் வரும்.

சத்யப்ரியா தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுச் சங்கத்துப் போனை அதில் இணைத்தாள். அமைப்புகளில் தேதி, நேரம் என்ற இடத்துக்குப் போய், நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் பொத்தானைத் தள்ளினாள். சற்றுப் பொறுத்து 4:36 என்றிருந்தது 4:42க்குத் தாவியது. செயலியைத் திறந்து, அடுத்த எண் வரும்வரை காத்திருந்து தட்டினாள்.

வலைத்தளம் உள்ளே விட்டது.

4:51க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான ரசீது வந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவளுக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. வேல்முருகனிடம் கத்தியதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் எடுக்கவில்லை.

வெளியே பைக் வந்து நின்றது. வேல்முருகன் வேர்த்து விறுவிறுக்க உள்ளே வந்து, பிளாஸ்டிக் கவரில் மடித்திருந்த ஒரு தாளை நீட்டினார்.

"செயலிய மொதல்ல போட்டப்போ அந்த சைட்டு பத்து எண் குடுத்துச்சு. செயலி வேல செய்யலன்னா இதுல ஒண்ணப் போட்டு நொழையலாம். சாவி குடுக்கும்போது இதையும் குடுத்திருக்கணும். கோவத்துல இருந்தேன், மறந்துட்டேன். போன்ல சொல்லலாம்னா நீ எங்க பேச விட்ட? வண்டி ஓட்டும்போது எடுக்கவும் முடியல. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு, போடு."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். சற்று முன் கத்தியதைக் கேட்ட நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களையும் பார்த்து, அவரையும் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, அப்ளிகேஷன் போயிடுச்சு. போன்ல மணிதான் தப்பு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்க."

பெஞ்சில் சாலம்மாள் நகர்ந்து இடம் விட, வேல்முருகன் உட்கார்ந்து சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தார்.

"ரசீத பிரிண்ட் எடுத்தியா?" என்று கேட்டார்.