கேப்ஷனில் இல்லாத ஷிஃப்ட்

வேலை தேடி வருகிறவர்கள் எதையும் முழுசாகப் படிக்க மாட்டார்கள் என்பது கௌரிசங்கரின் முடிவு. தென்காசியில் ஒரு மாடியில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி வைத்திருந்தார். தன்னிடம் வருகிறவர்களை அவர் 'அதுக' என்றுதான் சொல்லுவார். அதுகளால் வந்த காசில் வாங்கிய ஏசியின் காற்றில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்லுவார்.

அவரிடம் ஜெயபிரியா வேலை பார்த்தாள். பி.காம். முடித்தவள். ஏஜென்சியின் ஃபேஸ்புக் பக்கத்திலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வேலை அறிவிப்புகளைப் போடுவது அவள் பொறுப்பு.

ஆடி பிறந்த வாரம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து மெயில் வந்தது. செல்போன் உதிரிபாகங்கள் செய்கிற ஆலை. பெண்கள் தேவை, நேரடி நேர்காணல். ஜெயபிரியா அதைத் தமிழில் கேப்ஷனாக எழுதினாள்.

'நாள்: ஞாயிறு, காலை 9 மணி முதல். இடம்: குற்றாலம், ஐந்தருவி சாலை கல்யாண மண்டபம். கொண்டு வர வேண்டியவை: பயோடேட்டா, ஆதார், பான், பேங்க் பாஸ்புக் நகல்கள், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி. (அசல்). அசல் சான்றிதழ்கள் சரிபார்த்ததும் அங்கேயே திருப்பித் தரப்படும். ஷிஃப்ட் வாராவாரம் மாறும்: காலை 6 – 2, மதியம் 2 – 10, இரவு 10 – 6. இரவு ஷிஃப்ட், எழுத்தில் சம்மதம் கொடுப்பவர்களுக்கு மட்டும். விடுதி, சாப்பாடு, பஸ் வசதி உண்டு.'

கௌரிசங்கர் வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா, ராத்திரி பத்துன்னு போட்டா எவன் பிள்ளைய அனுப்புவான்? ஷிஃப்ட எடு. ஜெனரல் ஷிஃப்ட், ஒம்பதுல இருந்து அஞ்சரைன்னு போடு."

"அங்கன ஜெனரல் ஷிஃப்டே கிடையாதே சார்."

"அது அதுகளுக்குத் தெரியவா போகுது? சோறும் விடுதியும் கண்ணுல பட்டாப் போதும், கூட்டமா வந்துரும். அங்க போய்ச் சேந்தா எல்லாம் பழகிரும். அந்தத் திருப்பித் தரப்படும்ங்கறதையும் எடு. அசல் சான்றிதழ் கட்டாயம்னு மட்டும் இருக்கட்டும்."

"அது எதுக்கு சார்?"

"கையில இருந்தா பாதியில எந்திரிச்சுப் போயிருவாளுக. நம்ம மேசையில இருந்தா இருப்பாளுக."

தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கே சிரிப்பு வந்தது. ஜெயபிரியா அவர் முகத்தைப் பார்க்காமல் மாற்றிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாரல் விடவில்லை. அருவிக்குப் போகிற வேன்களுக்கு நடுவே புகுந்து பெண்கள் வந்து இறங்கினார்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதால் மண்டபம் மலிவாகக் கிடைத்திருந்தது. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்த கௌரிசங்கர், வருகிறவர்களின் அசல் சான்றிதழ்களைக் கவரோடு வாங்கி அடுக்கினார். டோக்கன் கொடுத்தார். ஒருத்தி நனைந்த குடையோடு உள்ளே போனதற்கு, "ஏட்டி, மாட்டுக் கொட்டகைன்னு நெனப்பா?" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார்.

ஆய்க்குடியிலிருந்து ஸ்வாதி தன் அப்பாவோடு வந்திருந்தாள். அவர் பெயர் சங்கிலிப்பாண்டி, போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கவரை மேசையில் வைக்கும் முன் அவர் கேட்டார்: "அசல இங்கனயே திருப்பிக் குடுத்துருவியளா?"

"அதெல்லாம் முடிஞ்சதும் வரும். நவுருங்க, பின்னால ஆளு நிக்குதுல்ல."

சங்கிலிப்பாண்டி கவரை வைத்துவிட்டு, ஆளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

ஆலையிலிருந்து எச்.ஆர். அதிகாரி கிதிர் முகம்மது வந்திருந்தார். கடையநல்லூர்க்காரர். மைக்கைப் பிடித்ததும் முதலில் ஷிஃப்ட் விவரத்தைத்தான் சொன்னார். இரவு பத்து மணி என்றதும் மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. சிலர் எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

"சார், என் சர்டிபிகேட்டக் குடுங்க. கைப்பிள்ளைய அம்மாட்ட விட்டுட்டு வந்திருக்கேன். அங்கன வீடெடுத்து கூட வச்சுக்கிடலாம்னு பாத்தேன். வாரத்துக்கு ஒரு நேரம்னா என்னால முடியாது." என்றாள் ஒருத்தி.

"இன்டர்வியூ முடியட்டும். உக்காருங்க எல்லாரும்!" கௌரிசங்கர் கவர் அடுக்கின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

சங்கிலிப்பாண்டி எழுந்து வந்தார். கைப்பேசியைத் தூரத்தில் பிடித்து, கேப்ஷனை முதல் வரியிலிருந்து கடைசி வரை உரக்க வாசித்தார். 'ஜெனரல் ஷிஃப்ட், 9 – 5.30' என்ற இடத்தில் மட்டும் இரண்டு தடவை வாசித்தார். மைக்கை வைத்துவிட்டு வாசலுக்கே வந்த கிதிர் முகம்மது, "நாங்க அப்படி அனுப்பலியே" என்றார்.

கௌரிசங்கர் சட்டென்று பின்னால் நின்றிருந்த ஜெயபிரியாவைக் கை காட்டினார். "டைப் அடிக்கிற பிள்ள தப்பாப் போட்டிருச்சு சார். நான் சரியாத்தான் சொன்னேன். இதுகளுக்குப் படிப்பு மட்டும் இருக்கு, மண்டையில ஒண்ணும் கெடையாது."

ஜெயபிரியாவுக்கு அழுகை வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது அருவருப்பு. இத்தனை பேர் முன்னால் வாய் கூசாமல் பொய் சொல்கிற இந்த மனிதனுக்கா தினமும் எழுந்து நின்று வணக்கம் சொன்னோம் என்று இருந்தது.

"நான் சரியாத்தான் எழுதினேன் சார். ராத்திரி ஷிஃப்ட எடுக்கச் சொன்னது நீங்க. திருப்பித் தரப்படும்ங்கறத எடுக்கச் சொன்னதும் நீங்க. கையில இருந்தா எந்திரிச்சுப் போயிருவாளுகன்னு சொன்னியள்ல?"

அவள் குனிந்து அவர் முழங்கையின் கீழிருந்து கவர்களை உருவினாள். பெயர் வாசித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க ஆரம்பித்தாள்.

"வேலைய விட்டுத் தூக்கிருவேன்!"

"தூக்குங்க. உங்ககிட்ட வேலை பாத்தேன்னு வெளிய சொல்லத்தான் கூச்சமா இருக்கு."

கைப்பிள்ளைக்காரி கவரை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு சாரலில் இறங்கிப் போனாள். இன்னும் சிலரும் போனார்கள். ஸ்வாதியின் கவரை வாங்கிய சங்கிலிப்பாண்டி, "வா தாயி, போவோம்" என்றார்.

ஸ்வாதி நகரவில்லை. "நான் இன்டர்வியூக்குப் போறேன்பா."

"ராத்திரி வேலைட்டி."

"நீ காலம்பூரா நைட் டூட்டி பாக்கலியா? ஏன்னு நாங்க கேட்டமா? பஸ்ஸு வருது, விடுதி இருக்கு. சம்மதம் இருந்தா எழுதிக் குடுன்னுதான சொல்லுதாரு. எனக்குச் சம்மதம்."

சங்கிலிப்பாண்டி கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு கிதிர் முகம்மதிடம் பஸ் எங்கே நிற்கும், விடுதியில் இரவு யார் பொறுப்பு, அசலைக் கையில் திருப்பிக் கொடுப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதில் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். கடைசியில் கௌரிசங்கரிடம் திரும்பினார்.

"உண்மையச் சொல்லியிருந்தாலும் எம் பிள்ள வந்திருக்கும்வே. நீரு எங்கள என்னன்னு நெனச்சீரு?"

கௌரிசங்கர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மண்டபத்துக்குள் அவர் நினைத்ததைவிட அதிகம் பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வேலை தேடி வருகிறவர்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்போல் பேசிய மனிதருக்கு அதுதான் புரியவில்லை.

கிதிர் முகம்மது வாசல் மேசையைத் தூக்கி உள்ளே போடச் சொன்னார். கௌரிசங்கரை உட்காரச் சொல்லவில்லை. "அடுத்த தடவை அறிவிப்ப நாங்களே போட்டுக்கிடுதோம்" என்றார். ஜெயபிரியா கைப்பேசியை எடுத்து, ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்த கேப்ஷனில் உண்மையான ஷிஃப்ட் நேரங்களைத் திருத்திப் போட்டாள். அந்த ஏஜென்சிக்காக அவள் செய்த கடைசி வேலை அது.

ஸ்வாதி தேர்வாகி, ஆவணிக்கு முன்பே ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்ந்தாள். ஜெயபிரியா செங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தாள்.

சில வாரம் கழித்து கௌரிசங்கர் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. "கோவத்துல ஏதோ பேசிட்டேன்மா, மனசுல வச்சுக்காத. அந்த ஃபேஸ்புக் பாஸ்வேர்டு மட்டும் சொல்லேன். புதுசா வந்த பிள்ளைக்கு உள்ள போக முடியல."

மன்னிப்புக்கும் பாஸ்வேர்டுக்கும் நடுவில் அவர் மூச்சுகூட விடவில்லை. ஜெயபிரியா பாஸ்வேர்டை அனுப்பினாள். அந்த ஆளுடையது எதுவும் தன்னிடம் இருக்க வேண்டாம் என்று தோன்றியது. பிறகு அவர் எண்ணை அழித்துவிட்டு, ஜி.எஸ்.டி. பில்களைப் பிரிக்கத் தொடங்கினாள்.