பட்டாணி கிளெனிஸ்

புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பரிங்கா பவுல்ஸ் கிளப்பின் ஆண்டு விருந்துக்கு நூற்றிருபது பேர். சமையல் பொறுப்பிலிருந்த கிளெனிஸ் டிரெவின், பதினெட்டு கிலோ இறைச்சியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்தாள். பாதி மாடு, பாதி ஆடு. பச்சையாக வாங்கும்போது இருபத்தேழு கிலோ. அடுப்புக்குள் போனதில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும், அது எந்த அடுப்பிலும் உள்ளதுதான். தட்டு வைத்துப் பரிமாறும் விருந்து. ஒருத்தருக்கு மாடு, பக்கத்தில் இருப்பவருக்கு ஆடு, மாற்றி மாற்றி. தலைக்கு நூற்றைம்பது கிராம். கணக்கு கச்சிதம்.

அப்போதுதான் கிளப் தலைவர் டெஸ் பாம்ஃப்ரெட் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு சமையலறைக்குள் வந்தார்.

"கிளெனிஸ், கமிட்டியில தீர்மானம் போட்டாச்சு. இன்னிக்கு பஃபே. அவங்கவங்க எடுத்துக்கட்டும்."

"இன்னிக்கா? இறைச்சி வெந்தாச்சு டெஸ்."

"அதனாலென்ன? தானே எடுத்தா மனுஷன் தேவையானதைத்தான் எடுப்பான். மிச்சமே ஆகும்."

அட கடவுளே, இந்த மனுஷன் எந்த ஊரில் சாப்பிட்டு வளர்ந்தார்? பஃபேயில் ஒருத்தனும் மாடா ஆடா என்று யோசிப்பதில்லை. இரண்டையும் எடுப்பான். தலைக்கு இருநூற்று முப்பது கிராம் சர்வசாதாரணமாகப் போகும். முன்னால் வரும் மேசைகள் அள்ளும், பின்னால் வரும் மேசைகள் பாத்திரத்தைப் பார்க்கும்.

"மேசைக்குப் பத்து பேர். எட்டாவது மேசைக்குள்ள தீந்துடும்," என்றாள்.

"அதையும் யோசிச்சோம். யாரும் நூத்தைம்பது கிராமுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு இன்னொரு தீர்மானம். ஏகமனதா நிறைவேறிடுச்சு."

டெஸ் கைகளைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டார். கிளெனிஸ் உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். போன வருஷம் கிரிக்கெட் கிளப் பஃபேயிலும் இதே கதைதான். கடைசி இரண்டு மேசைக்கு மிஞ்சியது பட்டாணி மட்டும். அன்றிலிருந்து ஊரில் அவள் பெயர் 'பட்டாணி கிளெனிஸ்'. தபால் நிலையத்தில்கூடச் சிரிக்காமல் அப்படிக் கூப்பிடுகிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இன்றும் தீர்ந்தால் சாகும்வரை அந்தப் பெயர்தான், அப்புறம் இந்த ஊரில் எவன் அவளைச் சமைக்கக் கூப்பிடுவான்?

"அழுறியாடி?" என்றாள் நாத்தனார் பெவ்.

"கோபம் வருது. உருளைக்கிழங்கை இரட்டிப்பாப் போடு. பூசணியும். பெரிய தட்டை எல்லாம் பூட்டு. முன்னுணவுக்கு வச்சிருக்கிற சின்னத் தட்டுதான் வெளியே போகணும்."

"இறைச்சி?"

"வரிசையோட கடைசில. ரொட்டி, கிழங்கு, பூசணி, பட்டாணி எல்லாம் தாண்டித்தான் இறைச்சி. அதுக்குள்ள தட்டு நிரம்பிடணும். இடுக்கி மட்டும் டெஸ் கையில."

"அவரு பஃபேன்னாரே?"

"பஃபேதான். தலைவர் கையால வாங்குறது மரியாதைன்னு சொல்லிக்கலாம்."

டெஸ்ஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நீளமான வெள்ளைத் தொப்பியைத் தானே தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஆளுக்கு ஒரு துண்டு மாடு, ஒரு துண்டு ஆடு," என்று கிளெனிஸ் சொல்லிக் கொடுத்தாள். துண்டுகளை எழுபத்தைந்து கிராமாகப் பார்த்து அறுத்திருந்தாள். "இன்னும் கேட்டா, எல்லா மேசையும் முடிஞ்சதும் வரச் சொல்லுங்க."

முதல் மேசையில் செம்மறி ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்கள். வழக்கமாகத் தட்டை மலையாக்குபவர்கள். டெஸ் ஒவ்வொருவரிடமும் கை குலுக்கினார், 'ரெண்டு துண்டு, தீர்மானம்' என்றார், பிறகு தான் இறுதி ஆட்டத்தில் உருட்டிய பந்தைப் பற்றி ஆரம்பித்தார். அந்தக் கதையைக் கேட்பதைவிட இரண்டு துண்டோடு தப்பிப்பது மேல் என்று எல்லோரும் ஓடினார்கள். கிளெனிஸ் கதவிடுக்கில் நின்று மேசைகளை எண்ணினாள். எட்டு போனது. ஒன்பது போனது. பன்னிரண்டாவது மேசையும் தட்டோடு உட்கார்ந்தது. இரண்டு பேர் ஆடு வேண்டாம் என்றதால், டெஸ்ஸின் பங்கோடு சேர்த்துப் பாத்திரத்தில் நாலு துண்டு மிச்சம்கூட இருந்தது.

"பாத்தியா? பஃபேன்னா மிச்சம்," என்று டெஸ் தொப்பியைச் சரிசெய்தார். பசி அவருக்கு. தனக்கென்று ஒரு துண்டு மாடு, ஒரு துண்டு ஆடு வைத்துக்கொண்டார். இடுக்கி மூன்றாவது துண்டுக்குப் போனது.

"டெஸ்," என்றது ஒரு குரல். ரோமம் கத்தரிக்கும் ரான், இரண்டாம் சுற்றுக்குத் தட்டோடு நின்றான். அவன் பின்னால் இன்னும் எட்டுப் பேர். "உங்களுக்கும் ரெண்டுதான். தீர்மானம்," என்றான்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. டெஸ் துண்டைத் திருப்பி வைத்தார். கிழங்குப் பாத்திரம் காலி, பூசணியும் காலி. இரண்டு துண்டு பசிக்குப் போதுமா? கரண்டியை எடுத்துப் பட்டாணியைப் போட்டார், இன்னும் போட்டார்.

மறுநாள் கிளெனிஸ் தபால் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த பெண் கடிதக் கட்டை நீட்டி, "இதுல ஒன்னு பட்டாணி டெஸ்ஸோடது. போற வழில குடுத்துடறியா, கிளெனிஸ்?" என்றாள்.