பதினைந்து பெரிதா, பதினொன்று பெரிதா

ஒன்பது எப்படி வந்தது என்பதுதான் ஸமீஹாவுக்குப் புரியவில்லை.

பேட்டையில் பேருந்து ஏறியதிலிருந்து அவள் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். கைப்பேசித் திரையில் கல்லூரியின் மதிப்பெண் பக்கம் திறந்திருந்தது. ஃபங்ஷனல் அனாலிசிஸ் என்கிற கணக்குப் பாடம், இன்டர்னல்: இருபத்தைந்துக்கு ஒன்பது. அதன் கீழே சிறிய எழுத்தில், இன்று மாலை நான்கு மணிக்கு மதிப்பெண்கள் பூட்டப்படும் என்று இருந்தது.

விதி ஒன்றும் சிக்கலானதில்லை. பருவத்துக்கு மூன்று டெஸ்ட். அவற்றில் நன்றாக எழுதிய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அந்த இரண்டின் சராசரியை இருபத்தைந்துக்குக் கணக்கிட்டால் அதுதான் இன்டர்னல், அதாவது அகமதிப்பீட்டு மதிப்பெண். ஒருநாள் காய்ச்சல் வந்தாலோ, வீட்டில் ஒரு கஷ்டம் வந்தாலோ பிள்ளைகள் அடிபட்டுப் போகக் கூடாது என்றுதான் மூன்றில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

ஸமீஹா முதல் டெஸ்டில் இருபத்தைந்துக்குப் பதின்மூன்று வாங்கியிருந்தாள். இரண்டாவதில் இருபத்தைந்துக்குப் பதினொன்று. மூன்றாவது, மாடல் தேர்வு. அதற்கு மட்டும் எழுபத்தைந்து மதிப்பெண். அன்றைக்குத்தான் உம்மாவைப் பித்தப்பைக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தேர்வு தொடங்கி ஒரு மணி நேரத்தில் செய்தி வந்ததும் தாளைக் கொடுத்துவிட்டு ஓடினாள். கிடைத்தது எழுபத்தைந்துக்குப் பதினைந்து. மூன்றால் வகுத்தால் இருபத்தைந்துக்கு வெறும் ஐந்து.

அந்த ஐந்தை விட்டுவிட்டால் பதின்மூன்றும் பதினொன்றும் இருபத்துநான்கு. சராசரி பன்னிரண்டு. மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால்கூட பத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மாடலை வகுக்காமல் அப்படியே பதின்மூன்றோடு கூட்டினால் பதினான்கு. எப்படிப் போட்டாலும் ஒன்பது வரவில்லை.

வண்ணார்பேட்டைப் பாலத்தில் பேருந்து ஊர்ந்தது. கீழே ஆற்றில் யாரோ மாடு குளிப்பாட்டினார்கள். ஸமீஹாவின் கண் அங்கே இருந்ததே தவிர மனம் வேறொரு கழித்தலில் இருந்தது. தேர்ச்சிக்கு இன்டர்னலும் பெரிய தேர்வும் சேர்த்து நூற்றுக்கு ஐம்பது வேண்டும். அதோடு எழுபத்தைந்துக்கு நடக்கிற பெரிய தேர்விலும் தனியாக முப்பத்தெட்டாவது எடுத்தாக வேண்டும். இன்டர்னல் பன்னிரண்டு என்றால் அந்த முப்பத்தெட்டே போதும். ஒன்பது என்றால் நாற்பத்தொன்று வேண்டும்.

மூன்று மதிப்பெண்தானே என்று வெளியாள் சொல்லலாம். பழைய வினாத்தாள்கள் ஐந்தை அவள் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்திருந்தாள். தன்னைத் தானே கறாராகத் திருத்தியதில் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, ஒருமுறை நாற்பது. நாற்பத்தொன்றை ஒருமுறைகூடத் தொடவில்லை. தேர்வு நாளை மறுநாள். இந்த ஒரு பேப்பர் நின்றுபோனால், திசையன்விளைப் பள்ளிக்கூடத்தில் ஜூன் முதல் தேதி சேரச் சொல்லியிருக்கும் கணக்கு டீச்சர் வேலை போய்விடும். எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி என்ற தாள் இல்லாமல் வர வேண்டாம் என்று தாளாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

இன்னொரு பயம் அதற்கும் கீழே கிடந்தது. திங்கட்கிழமை இன்டர்னல் பட்டியலைக் கொண்டுவந்து, சரிதான் என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். இருபத்துநான்கு பேர் வரிசையில் முண்டியடித்தார்கள். அவள் எண்ணைப் பார்க்காமலே போட்டுவிட்டாள்.

பாளையங்கோட்டையில் கல்லூரி வாசலிலேயே சித்ரலேகா பிடித்துக்கொண்டாள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

"ஏட்டி, முகம் ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? பேய் கீய் பாத்தியா?"

"ஒன்பது போட்டிருக்காங்க. பன்னிரண்டு வரணும்ட்டி. பெர்சிஸ் மிஸ்கிட்ட கேக்கப் போறேன்."

சித்ரலேகாவின் சிரிப்பு நின்றது. "உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அடுத்த வாரம் புராஜெக்ட் வைவா. அதுக்கு மார்க் போடுதது யாரு? அதே மிஸ்தான். போன வருஷம் ஒரு அக்கா இன்டர்னல் கேட்டுப் போயி, வைவால என்ன பாடு பட்டான்னு தெரியும்லா?"

"நீ பாத்தியா?"

"பாக்கல. எல்லாரும் சொல்லுதாங்க."

"உனக்குச் சரியா வந்திருக்கா?"

சித்ரலேகா விரல் விட்டு எண்ணினாள். "பதினெட்டு, பதினேழு, மாடல் அறுபது. அறுபதுன்னா இருபத்தஞ்சுக்கு இருபது. இருபதும் பதினெட்டும் முப்பத்தெட்டு. பாதி பத்தொன்பது. பத்தொன்பதுதான் போட்டிருக்கு. கணக்குல தப்பே இல்லையே."

இதைக் கேட்டதும் ஸமீஹாவுக்குப் பயம் கூடியது. எல்லாருக்கும் தப்பு என்றால் துணிந்து பேசலாம். மற்றவர்களுக்குச் சரியாக வந்து தனக்கு மட்டும் குறைந்தால்? வேண்டுமென்றே குறைத்தார்களோ? மாடல் தேர்வில் பாதியில் எழுந்து போனதற்குக் கோபமோ?

மூன்று மணி வரை நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தில் ஒரே பக்கம் திறந்தே கிடந்தது. போகாவிட்டால் நாற்பத்தொன்று. போனால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் மிஸ்ஸின் கோபம். மூன்றே கால் ஆனபோது கால்கள் தாமாகவே எழுந்தன. ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

பெர்சிஸ் மிஸ் மடிக்கணினியும் நீல அட்டை மார்க் நோட்டுமாக இருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். ஃபங்ஷனல் அனாலிசிஸ் எடுப்பவள், இன்னும் நிரந்தரம் ஆகாத கௌரவ விரிவுரையாளர்.

"என்ன ஸமீஹா? ஸ்டடி லீவுல இங்க என்ன பண்ணுத?"

"மிஸ்... இன்டர்னல்ல ஒரு சந்தேகம். எனக்குப் பன்னிரண்டு வரும்னு..."

"கையெழுத்துப் போட்டியே?"

"போட்டேன் மிஸ்."

"அப்ப பாக்காமத்தான் போட்டியா?" குரல் ஏறியது. "இருபத்துநாலு பேருக்கும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கேன். நான் ஒருத்தருக்குக் கூட்டி ஒருத்தருக்குக் குறைக்கல."

"அப்படிச் சொல்லல மிஸ். ஒன்பது எப்படி வந்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். போயிருதேன்."

மிஸ் பெருமூச்சு விட்டு நோட்டைத் திருப்பி வைத்தாள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக மூன்று எண்கள். அந்தத் துறையில் வெகுகாலமாக ஒரு வழக்கம் உண்டு. மூன்றில் பெரிய இரண்டைச் சிவப்பு மையால் வட்டமிடுவார்கள். வட்டமிட்டது மட்டும் கணக்கில் சேரும்.

ஸமீஹாவின் வரிசையில் பதின்மூன்றைச் சுற்றி ஒரு வட்டம். பதினைந்தைச் சுற்றி ஒரு வட்டம். பதினொன்று வெறுமனே இருந்தது.

"பாரு. மூணுல பெரிய ரெண்டு பதினஞ்சும் பதின்மூணும். பதினஞ்சு மாடல் மார்க், அதனால மூணால வகுத்து அஞ்சு. அஞ்சும் பதின்மூணும் பதினெட்டு. பாதி ஒன்பது. சரியா?"

ஸமீஹாவுக்குப் புதிர் அவிழ்ந்துவிட்டது, ஆனால் அதைச் சொல்லத்தான் பயமாக இருந்தது. நோட்டில் கண்ணை ஓட்டினாள். சித்ரலேகாவின் அறுபதுக்கு வட்டம். அதற்கு மேல் நாற்பத்தெட்டுக்கு வட்டம். கீழே முப்பதுக்கு வட்டம். மேலிருந்து கீழ் வரை, மாடல் தேர்வின் பத்தியில் வட்டம் இல்லாத எண்ணே இல்லை.

"மிஸ்," என்றாள், காற்றைப் போன்ற குரலில். "மாடல் மார்க் எல்லாத்துக்கும் வட்டம் இருக்கு."

"அதுக்கென்ன?"

"மத்த ரெண்டும் இருபத்தஞ்சுக்கு. அது எழுபத்தஞ்சுக்கு. எப்பவும் அதுதான மிஸ் பெருசா தெரியும்? என் பதினொண்ண எழுபத்தஞ்சுக்கு மாத்தினா முப்பத்துமூணு. பதினஞ்சு அதுக்குப் பாதிகூட இல்ல."

மிஸ்ஸின் விரல் பதினைந்தின் மீது நின்றது. பிறகு கீழே இறங்கியது, மேலே ஏறியது. முகத்தில் இருந்த கோபம் மெல்ல வடிந்து வேறு ஏதோ வந்தது. இத்தனை நேரமும் தன் நெஞ்சில் இருந்த அதே பயம்தான் அது என்று ஸமீஹாவுக்குத் தெரிந்தது.

"போன வருஷம் வரை மூணு டெஸ்டும் இருபத்தஞ்சுக்குத்தான்," என்றாள் மிஸ் தாழ்ந்த குரலில். "வட்டம் போட்டா சரியா இருக்கும். இந்த வருஷம்தான மாடலை மூணாவது டெஸ்டா ஆக்குனோம். நான் பழையபடியே வட்டத்தப் போட்டு, அப்புறமா வகுத்திருக்கேன்." கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. "தேவதாசன் சார் லாகின் இல்லாம இதைத் திருத்த முடியாதே."

துறைத்தலைவர் தேவதாசன் சார் பக்கத்து மேசைக்குத் தேநீரோடு வந்தார். விஷயம் காதில் விழுந்ததும் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இருபத்துநாலு பேரு கையெழுத்துப் போட்டது, நான் சீல் அடிச்சது. இப்பம் போயி மாத்தணும்ங்கிய? பிரின்சிபால் கேட்டா நான் என்ன சொல்ல?" ஸமீஹாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, கையெழுத்துப் போடும்போது கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்தியா?"

"ஆமா சார். என் தப்புதான் சார்," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"அவ தப்பு இல்ல சார். என் தப்பு," என்றாள் மிஸ். சொல்லும்போது நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். அடுத்த மாதம் அவளுடைய வேலையைப் புதுப்பிக்கும் தாளில் கையெழுத்திடப் போகிறவரும் தேவதாசன் சார்தான்.

சார் நோட்டை இழுத்துக்கொண்டார். பென்சிலால் ஒவ்வொரு மாடல் மார்க்கையும் மூன்றால் வகுத்து ஓரத்தில் எழுதினார். கை வேகமாகப் போனது. ஒன்பதாவது பெயரில் நின்று, "இதுலயும் தப்பு," என்றார். பதினாறாவதில் மறுபடி நின்றார். கடைசியில் ஆறு பெயர்கள். மணி மூன்று நாற்பத்தைந்து.

"யாருக்காவது மார்க் குறையுதா?" என்று கேட்டார்.

"குறையவே குறையாது சார்," என்று ஸமீஹா பதறிச் சொன்னாள். "சரியா எடுத்த பெரிய ரெண்டு, தப்பா எடுத்த ரெண்டைவிடச் சின்னதா இருக்க முடியாதுல்லா சார்?"

தேவதாசன் சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "பெர்சிஸ், இந்தப் புள்ளைக்கா ஒன்பது போட்டீங்க?" என்று சொல்லிவிட்டு, கணினியைத் தன் பக்கம் திருப்பிக் கடவுச்சொல்லை அடித்தார். அலமாரியிலிருந்து ஆறு பேரின் விடைத்தாள்களையும் எடுக்கச் சொல்லி, எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். இணையப் பக்கம் ஒருமுறை திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றது. மூவரும் திரையையே பார்த்தார்கள். மூன்று ஐம்பத்தாறுக்குச் சேமிக்கப்பட்டது என்று வந்தது.

"ஆறு பேரும் நாளைக்கு வந்து புதுப் பட்டியல்ல கையெழுத்துப் போடணும். இந்தத் தடவை பாத்துப் போடுங்க," என்றார் சார். பிறகு மிஸ்ஸிடம், "பிரின்சிபாலுக்குக் கடிதம் எழுதிருங்க. நானும் சேந்து கையெழுத்துப் போடுதேன். சீல் அடிச்சவன் நான்தான?" என்றார்.

மிஸ் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள். அடுத்து வருகிறவர்களுக்காகச் சிவப்பு மையால் எழுதினாள்: முதலில் மூன்று மதிப்பெண்களையும் இருபத்தைந்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகே பெரிய இரண்டை வட்டமிட வேண்டும். அந்த இரண்டின் சராசரிதான் இன்டர்னல்.

அதன் கீழே எடுத்துக்காட்டாக ஸமீஹாவின் எண்களையே போட்டாள். பதின்மூன்று, பதினொன்று, ஐந்து. வட்டம் பதின்மூன்றுக்கும் பதினொன்றுக்கும். இன்டர்னல் பன்னிரண்டு. அதைப் படித்த ஸமீஹா மனதுக்குள் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்: தேர்வில் எடுக்க வேண்டியது முப்பத்தெட்டு.